பன்னிரண்டாவது தவணையைக் கடை கட்டுகிறதா?

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது நகைக்கடைக்குள் நுழைகிறவர்கள் எல்லோரும் நகை வாங்க வருகிறவர்கள் அல்ல. அறுந்த கொலுசைப் பற்றவைக்க வருவார்கள், தோட்டுக்குத் திருகாணி கேட்டு வருவார்கள். வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில், பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் தனியாகப் போட்டிருக்கும் மேஜையிலிருந்து ஒரு குரல் கூப்பிடும். "அக்கா, ஒரு நிமிஷம் உட்காருங்க. மாசம் ஐயாயிரம்தான். பதினோரு மாசம் நீங்க கட்டுங்க, பன்னிரண்டாவது மாசம் நாங்க கட்டுறோம். அடுத்த தீபாவளிக்குச் சேதாரம் இல்லாம நகை எடுத்துக்கலாம்." கூடவே, இன்றைக்கே சேர்ந்தால் ஒரு எவர்சில்வர் டப்பாவும் உண்டு.

தமிழ்நாட்டில் நகைச்சீட்டு போட்டிருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இந்தப் பேச்சு மனப்பாடம். இதில் பொய் என்று எதையும் சொல்லிவிட முடியாது. ஆனால் பதினோரு மாதம், பன்னிரண்டாவது தவணை, அடுத்த தீபாவளி, சேதாரம் இல்லை என்ற நான்குக்கும் அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதைவிட முக்கியமாக, பன்னிரண்டாவது தவணை தருவதும் சேதாரம் தள்ளுவதும் பெரும்பாலான கடைகளில் இரண்டு தனித்தனித் திட்டங்களின் சலுகைகள். ஒரே மூச்சில் சொல்லப்படும்போது இரண்டும் சேர்ந்து கிடைக்கும் என்று கேட்கிறவர் எண்ணிக்கொள்கிறார். பதினோரு மாதம் கழித்து பில் கையில் வரும்போதுதான் அந்தக் குழப்பம் தெரிகிறது.

முதலில் அந்தப் பதினோரு மாதம். ஏன் பத்து இல்லை, ஏன் பதினைந்து இல்லை? ஒரு காலத்தில் ஒரு வருடத்தைத் தாண்டி ஓடும் நகைத் திட்டங்கள் சாதாரணமாகவே இருந்தன. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டமும், அதன் கீழ் 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வைப்புத்தொகை விதிகளும் நிலைமையை மாற்றின. பொருள் தருவதற்காக ஒரு கம்பெனி வாங்கும் முன்பணம் 365 நாட்களுக்குள் அந்தப் பொருளாக வாடிக்கையாளரிடம் போய்விட வேண்டும். போகவில்லை என்றால் அது முன்பணம் அல்ல, பொதுமக்களிடம் திரட்டிய வைப்புத்தொகை. வைப்புத்தொகை வாங்க வேண்டுமானால் கம்பெனியின் சொத்து மதிப்பில் உச்சவரம்பு, கடன் தர மதிப்பீடு, திருப்பித் தருவதற்காகத் தனியே ஒதுக்கிவைக்கும் நிதி என்று பல கட்டுப்பாடுகள் உண்டு. நகைக்கடைகள் அந்த வழிக்குப் போக விரும்பவில்லை. பதினோரு தவணை வாங்கிக்கொண்டு, மீதமுள்ள சில வாரங்களில் நகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடும் வடிவம் அப்படித்தான் நிலைபெற்றது.

விண்ணப்பப் படிவத்தில் வட்டி என்ற பேச்சே இருக்காது. 'சிறப்புத் தள்ளுபடி', 'போனஸ்' என்றுதான் அச்சிட்டிருப்பார்கள். குறிப்பிட்ட காலம் முடிந்ததும் பணமாகவோ பொருளாகவோ வருமானம் தருவதாகச் சொல்லி வாங்கும் தொகையையும் அதே விதிகள் வைப்புத்தொகை என்ற கணக்கில்தான் சேர்க்கின்றன. ஆகவே சட்டத்தின் பார்வையில் நகைச்சீட்டு போடுகிறவர் சேமிப்பாளர் அல்ல, நகைக்கு முன்பணம் கொடுத்தவர். முதிர்வில் ரொக்கம் கேட்டால் கடைக்காரர் கைவிரிப்பதற்கும், தங்கக் காசாகக் கொடுங்கள் என்றால் போனஸ் கிடையாது என்பதற்கும் இந்த அமைப்பே ஆதாரம்.

இந்த 365 நாள் கணக்கில் பண்டிகைக்காரர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. தீபாவளி சந்திரனைப் பார்த்து வருகிறது, சட்டம் நாட்காட்டியைப் பார்க்கிறது. 2025இல் தீபாவளி அக்டோபர் 20. 2026இல் நவம்பர் 8. 2025 அக்டோபர் 10ஆம் தேதி, தீபாவளிக் கூட்டத்தில் சீட்டு சேர்ந்த ஒருவருக்கு 2026 அக்டோபர் இரண்டாவது வாரத்திலேயே வருடம் முடிந்துவிடுகிறது. "அடுத்த தீபாவளிக்கு எடுத்துக்கலாம்" என்று சொன்ன அந்தத் தீபாவளிக்கு இன்னும் நான்கு வாரம் பாக்கி இருக்கும். அவர் அந்த வாரத்து விலைக்கு, அந்த வாரத்தில் கடையில் இருக்கும் நகையில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். தீபாவளி முன்கூட்டி வருகிற வருடங்களில் இந்தச் சிக்கல் இல்லை. 2026 நவம்பர் தொடக்கத்தில் சேர்கிறவருக்கு 2027 அக்டோபர் தொடக்கத்தில் முதிர்வு, அந்த வருடத் தீபாவளி அக்டோபர் கடைசி வாரம். சேரும்போதே முதிர்வுத் தேதியையும், நகை எடுக்கக் கடைசித் தேதியையும் அட்டையில் எழுதித் தரச் சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும்.

அடுத்தது பன்னிரண்டாவது தவணை. மாதம் 5,000 ரூபாய் வீதம் பதினோரு மாதத்துக்கு 55,000. கடை போடும் 5,000 சேர்த்தால் 60,000. கட்டிய தொகையில் இது பதினொன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 9 சதவீதம். ஆனால் முழு 55,000 ரூபாயும் வருடம் முழுக்கக் கடையில் இருந்ததில்லை. முதல் தவணை பதினோரு மாதம் இருந்தது, கடைசித் தவணை ஒரே மாதம் இருந்தது. சராசரி பார்த்தால் 27,500 ரூபாய் ஒரு வருடம் கடையில் இருந்ததற்குச் சமம். அதற்கு 5,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 18 சதவீதம். இதே தவணையை 6.5 சதவீத வட்டி தரும் வங்கித் தொடர் வைப்பில் கட்டியிருந்தால் சுமார் 1,800 ரூபாய்தான் கிடைத்திருக்கும்.

வங்கியைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் ஒரு நகைக்கடை எப்படிக் கொடுக்கிறது? நேர்மையாக நடத்தும் கடைக்கும் இது கட்டுப்படியாகிறது. கடைக்காரருக்கு இது வட்டிக்கு வாங்காத நடைமுறை மூலதனம். ஒரு வருடத்துக்கு முன்பே வாடிக்கையாளர் உறுதியாகிவிடுகிறார், இன்னொரு கடைக்குப் போக மாட்டார். முதிர்வு நாளில் வருகிறவர் பெரும்பாலும் சீட்டுத் தொகைக்கு மட்டும் எடுப்பதில்லை. கையிலிருந்து இன்னும் இருபதாயிரம், முப்பதாயிரம் போட்டு ஒரு பவுன், ஒன்றரைப் பவுன் என்று முழுசாக எடுக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் போனஸ் எங்கே போய் ஈடாகிறது என்றால் சேதாரத்தில்.

சேதாரம் என்பது நகை செய்யும்போது உருக்கி, இழுத்து, அராவி வீணாகும் தங்கத்துக்கு ஈடாக வாடிக்கையாளரிடம் வாங்குவது. பட்டறையில் ஆசாரி கையால் செய்த காலத்தில் அதற்கு ஒரு நேரடிக் கணக்கு இருந்தது. இன்று இயந்திரத்தில் பின்னப்படும் சங்கிலியில் உண்மையாக வீணாவது மிகக் குறைவு, அந்தத் தூளும் திரும்ப எடுக்கப்படுகிறது. பில்லில் எழுதும் 8, 12, 18 சதவீதம் எல்லாம் கடையின் கூலி, வாடகை, விளம்பரம், லாபம் அனைத்தும் சேர்ந்த தொகை. பல கடைகளில் செய்கூலியையும் இதையும் ஒன்றாக்கி 'வி.ஏ.' என்று எழுதுகிறார்கள். இதற்கு அரசு நிர்ணயித்த அளவு ஏதும் இல்லை. அதனால் பேரம் பேச இடமுண்டு. தங்கத்தின் அன்றைய விலையில் பேசுவதற்கு ஒன்றுமில்லை, சேதாரத்தில்தான் பேச முடியும் என்பது பழக்கப்பட்டவர்களுக்குத் தெரியும்.

இப்போது ஒரு பில்லைப் போட்டுப் பார்க்கலாம். கணக்குக்கு எளிதாக 22 காரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சீட்டு முதிர்ந்த ஒருவர் 5.2 கிராமில் ஒரு சங்கிலி எடுக்கிறார். தங்கத்தின் விலை 52,000. சேதாரம் 12 சதவீதம், அதாவது 6,240. இரண்டும் சேர்ந்து 58,240. இதன் மேல் ஜி.எஸ்.டி. 3 சதவீதம் 1,747. ஹால்மார்க் கட்டணம் வரியோடு 53. மொத்தம் 60,040. சீட்டில் இருக்கும் 60,000 போக நாற்பது ரூபாய் கொடுத்துவிட்டுச் சங்கிலியோடு வெளியே வருகிறார். ஐயாயிரம் ரூபாய் லாபம் என்ற நிறைவு அவருக்கு.

அதே நாளில் இன்னொருவர் வங்கியில் கட்டிய 56,800 ரூபாயோடு அதே கடைக்கு வருகிறார், அதே சங்கிலியைக் கேட்கிறார். இவரிடம் சீட்டு இல்லை, ரொக்க வாடிக்கையாளர். பேசிப் பேசிச் சேதாரத்தை 8 சதவீதத்துக்குக் கொண்டுவருகிறார். தங்கம் 52,000, சேதாரம் 4,160, வரி 1,685, ஹால்மார்க் 53. மொத்தம் 57,898. கையிலிருந்து ஏறக்குறைய 1,100 ரூபாய் போடுகிறார். சீட்டுக்காரரின் உண்மையான லாபம் 5,000 அல்ல, இந்த ஆயிரத்துச் சொச்சம்தான். ரொக்கக்காரர் இன்னும் கொஞ்சம் பேசி 6 சதவீதத்துக்கு வாங்கிவிட்டால் பில் 56,827. இருவரும் கிட்டத்தட்டச் சமம். பன்னிரண்டாவது தவணை முழுவதும் அந்த ஆறு சதவீத வித்தியாசத்தில் கரைந்துவிட்டது.

இதிலிருந்து நகைச்சீட்டே வீண் என்று முடிவு கட்டுவது சரியல்ல. சீட்டுக்காரருக்கும் அதே 8 சதவீதச் சேதாரம் போட்டிருந்தால் அவருடைய பில் 57,898. சீட்டில் 60,000 இருக்கிறது. மீதி 2,100 ரூபாய்க்கு இன்னும் கொஞ்சம் எடை கூடிய சங்கிலியாகவே எடுக்கலாம். அப்போது போனஸ் முழுதாகக் கையில் நிற்கிறது. ஆகவே சேரும்போது போனஸ் எவ்வளவு என்று கேட்பது பாதிக் கேள்விதான். "சீட்டுக்காரங்களுக்குச் சேதாரம் எத்தனை சதவீதம் போடுவீங்க? ரொக்கத்துக்கு வாங்குறவங்களுக்குத் தர்ற தள்ளுபடி எங்களுக்கும் உண்டா?" என்பது மீதிப் பாதி. இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் தரும் கடையின் போனஸை நம்பலாம். "அதெல்லாம் அப்போ பார்த்துக்கலாம்க்கா" என்று பதில் வந்தால் போனஸ் என்ற எண்ணுக்கு மதிப்பில்லை. பண்டிகைக் காலத்தில் 'கிராமுக்கு இவ்வளவு தள்ளுபடி' என்று கடைகள் விளம்பரம் செய்வதும், அதன் அடியில் 'சேமிப்புத் திட்ட வாடிக்கையாளர்களுக்குப் பொருந்தாது' என்று ஒரு வரி இருப்பதும் வழக்கம். தீபாவளி வாரத்தில் நகை எடுக்கும் சீட்டுக்காரர் அந்த வரியால்தான் அதிகம் இழக்கிறார்.

இதுவரை பேசியது ரூபாய்த் திட்டம். மற்றொன்று எடைத் திட்டம். இதில் மாதாமாதம் கட்டும் 5,000 ரூபாயை அன்றைய விலையால் வகுத்துக் கிராமாக வரவு வைக்கிறார்கள். அட்டையில் ரூபாய்க்குப் பக்கத்தில் 0.521, 0.510 என்று மூன்று தசமத்தில் எடை ஏறிக்கொண்டே வரும். முடிவில் பன்னிரண்டாவது தவணை கிடையாது. அதற்குப் பதில், சேர்ந்த எடைக்குச் சேதாரம் இல்லை அல்லது குறிப்பிட்ட சதவீதம் வரை இல்லை என்பது சலுகை.

விலை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைப் பொறுத்து இரண்டு திட்டங்களும் எதிரெதிராகப் போகும். கிராம் 9,000 ரூபாயில் தொடங்கி மாதம் 200 ரூபாய் வீதம் ஏறி, பதினோராவது தவணையில் 11,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். எடைத் திட்டத்தில் சேரும் தங்கம் 5.522 கிராம். நகை எடுக்கும் நாளில் விலை 11,200 என்றால் அதன் மதிப்பு சுமார் 61,850 ரூபாய். ரூபாய்த் திட்டக்காரரின் 60,000 ரூபாய்க்கு அன்று கிடைப்பது 5.357 கிராம்தான். போனஸ் வாங்கியும் அவர் பின்தங்குகிறார், சேதாரச் சலுகையும் எடைக்காரர் பக்கம். இதைத் தலைகீழாக்கி, விலை 11,000 ரூபாயிலிருந்து இறங்கி 9,000 ஆகி, எடுக்கும் நாளில் 8,800 என்று வைத்தால் எடைக்காரரிடம் அதே 5.522 கிராம்தான் இருக்கும், அதன் மதிப்பு சுமார் 48,600. ரூபாய்க்காரரோ 60,000 ரூபாய்க்கு 6.818 கிராம் வரை எடுக்கலாம். விலை ஏறும் என்று நினைப்பவருக்கு எடைத் திட்டம், இறங்கினால் நல்லது என்பவருக்கு ரூபாய்த் திட்டம் என்பதை விற்பனையாளர் சொல்ல வேண்டும். அண்மை வருடங்களின் ஏற்றத்தைப் பார்த்து, இனியும் ஏறத்தான் செய்யும் என்று உறுதி கொடுக்கிறவர் தன்னால் தர முடியாத ஒன்றைத் தருகிறார்.

எடைத் திட்டத்தில் 'சேதாரம் இல்லை' என்ற வாசகத்துக்கும் எல்லை உண்டு. சேர்ந்திருப்பது ஐந்தரைக் கிராம், எடுப்பது ஒரு பவுன், அதாவது 8 கிராம் என்றால், மிச்சமுள்ள இரண்டரைக் கிராமுக்கு அன்றைய விலையும் முழுச் சேதாரமும் உண்டு. 'சேதாரம் 14 சதவீதம் வரை இல்லை' என்று இருந்து, பிடித்த நெக்லஸுக்கு 22 சதவீதம் என்றால், சேர்ந்த எடைக்கும் 8 சதவீதம் கட்ட வேண்டும். கல் பதித்தது, கோயில் வேலைப்பாட்டு நகை, வைரம், காசு போன்றவற்றுக்குச் சலுகை இல்லை என்ற நிபந்தனையும் சாதாரணம். இரண்டு திட்டத்திலும் ஜி.எஸ்.டி. 3 சதவீதத்தை வாடிக்கையாளர்தான் தருகிறார். சீட்டு முதிர்ந்த நாளில் வெறுங்கையோடு போனால் எடுக்க நினைத்த நகையை விட எடை குறைந்த ஒன்றைத்தான் எடுத்து வர முடியும்.

ஒரு தவணை தவறினால் என்ன? கடைக்குக் கடை விதி வேறு. சிலர் முதிர்வை ஒரு மாதம் தள்ளிப்போடுகிறார்கள், ஆனால் 365 நாள் எல்லை இருப்பதால் அதிகம் தள்ள இயலாது. பலர் போனஸைக் குறைப்பார்கள் அல்லது முழுதாக ரத்து செய்வார்கள். ஆறாவது மாதத்தில் ஆஸ்பத்திரிச் செலவு வந்து நிறுத்தினால், கட்டிய தொகைக்குப் போனஸ் இல்லாமல், முழுச் சேதாரத்தோடு நகை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அந்த நகையை உடனே விற்றால் கொடுத்த சேதாரமும் வரியும் திரும்ப வராது. மேலே போட்ட 12 சதவீதப் பில்லில் அது மட்டும் எட்டாயிரம் ரூபாயை நெருங்குகிறது. அவசரத்துக்கு எடுக்க வேண்டிவரும் என்று தெரிந்த பணத்தை நகைச்சீட்டில் போடக் கூடாது. அது வங்கியில் இருக்க வேண்டும்.

கடையே மூடிவிட்டால்? இந்தக் கேள்வியை அந்த மேஜையில் உட்கார்ந்து யாரும் கேட்பதில்லை. சென்னையின் பழைய கடைகளில் ஒன்றான நாதெள்ளா சம்பத் ஜுவல்லரி 2017இல் கிளைகளை மூடியபோது, சேமிப்புத் திட்டத்தில் கட்டியவர்கள் அட்டையோடு காவல்துறையிடம் போக நேர்ந்தது. 2023இல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரணவ் ஜுவல்லர்ஸ் கிளைகள் மூடப்பட்டன. பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. தங்க முதலீட்டுத் திட்டம் என்ற பெயரில் சுமார் 100 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாக அமலாக்கத்துறை அந்த ஆண்டு நவம்பரில் தெரிவித்தது. வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு இருக்கிறது. பதிவு பெற்ற சீட்டு நிறுவனத்துக்குச் சீட்டு நிதிச் சட்டமும், பதிவாளரிடம் கட்டிவைத்த பிணையும் உண்டு. நகைச்சீட்டுக்கு இரண்டுமே இல்லை. கடை நொடித்தால் அடமானம் பெற்ற வங்கிகளுக்குப் பின்னால்தான் வாடிக்கையாளரின் வரிசை.

ஒரு கடை ஏன் நொடிக்கிறது என்பதை எடைத் திட்டத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். மாதம் 9,000 ரூபாய் விலையில் கிராம் வரவு வைத்த கடை, அன்றன்றே அந்த எடைக்குத் தங்கம் வாங்கி வைத்திருந்தால் விலை ஏறினாலும் கவலை இல்லை. வாங்காமல் அந்தப் பணத்தைப் புதுக் கிளைக்கோ நிலத்துக்கோ திருப்பிவிட்டால், வருட முடிவில் 11,200 ரூபாய்க்குத் தங்கம் வாங்கிக் கொடுக்க வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களின் தவணையைக் கொண்டு பழையவர்களுக்கு நகை கொடுக்கும் நிலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. வெளியே தெரியும் அறிகுறிகள் சில உண்டு. முதிர்ந்தவர்களிடம் "அடுத்த வாரம் வாங்க, சரக்கு வரணும்" என்று திரும்பத் திரும்பச் சொல்வது. ஷோகேஸில் தட்டுகள் குறைவது. ரசீது கடையின் பெயரில் இல்லாமல் வேறொரு நிறுவனத்தின் பெயரில் வருவது. ஒரு தவணைக்குப் பதில் இரண்டு, மூன்று தவணை போனஸ் என்பது, அல்லது மாதாமாதம் கையில் வட்டி தருகிறோம் என்பது. ஒரு தவணை போனஸே ஆண்டுக்கு 18 சதவீதம் என்று மேலே பார்த்தோம். சேதாரத்தில் ஈடுகட்டக்கூடிய எல்லையும் அதுதான். அதைத் தாண்டிய எந்த வாக்குறுதிக்கும் நகை வியாபாரத்தில் வருமானம் கிடையாது. அந்தப் பணம் வேறொரு வாடிக்கையாளருடையது.

கடைக்காரர் வெளிப்படையாகப் பேச நினைத்தால் அந்த மேஜையில் என்ன சொல்லலாம்? பெரிய அறிக்கை ஒன்றும் தேவையில்லை. "அக்கா, மாசம் ஐயாயிரம். பதினோரு மாசத்துல ஐம்பத்தஞ்சாயிரம். தவறாம கட்டினா அஞ்சாயிரம் நாங்க போடுவோம், அது நகையாத்தான் கிடைக்கும், ரொக்கமா வராது. சங்கிலி, வளையலுக்குச் சேதாரம் இன்னைக்கு ரொக்கத்துக்கு என்ன போடுறோமோ அதுதான் உங்களுக்கும். கல்லு நகைக்குப் போனஸ் இல்ல. வரி மூணு சதவீதம் உங்க செலவு. நடுவுல நிறுத்தினா போனஸ் போயிடும். இந்தத் தேதிக்குள்ள நகை எடுத்துடணும்." முப்பது வினாடியில் சொல்லிவிடலாம். இப்படிச் சொல்கிற கடைகள் இருக்கின்றன. பெண்ணுக்குக் கல்யாணம், பேத்திக்குக் காதுகுத்து என்று நகை எடுத்தே தீர வேண்டிய குடும்பங்களுக்கு, ஒரேயடியாக அறுபதாயிரம் புரட்ட முடியாதவர்களுக்கு, அப்படிப்பட்ட கடையின் சீட்டு உண்மையாகவே உதவுகிறது.

சேர முடிவு செய்தவர்கள் செய்ய வேண்டியது சிலவே. கையெழுத்துப் போடுவதற்கு முன் விதிமுறைத் தாளை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். தீபாவளிக் கூட்டத்தில் படிக்க முடியாது, எவர்சில்வர் டப்பா நாளைக்கும் இருக்கும். ரூபாய்த் திட்டமா, எடைத் திட்டமா, சேதாரம் எவ்வளவு, எந்த நகைக்குச் சலுகை இல்லை, கடைசித் தேதி எது என்பதை அட்டையிலேயே எழுதி முத்திரையோடு வாங்குங்கள். வாரிசுதாரர் பெயரை நிரப்பாமல் விடாதீர்கள். தவணையை முடிந்தவரை வங்கி வழியாகவோ யு.பி.ஐ. மூலமாகவோ கட்டுங்கள், ரசீதில் கடையின் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே கடையில் குடும்பத்தில் எல்லோர் பெயரிலும் சீட்டு போடுவதைத் தவிர்த்து விடுங்கள். நகை எடுக்கும் நாளில், அதில் பொறித்திருக்கும் ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. குறியீட்டை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டு 916தானா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். பில்லில் ஏதேனும் சொன்னதற்கு மாறாக இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நகையே வரவில்லை என்றால் தாமதிக்காமல் மாவட்டப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் அட்டையின் நகலோடு புகார் கொடுங்கள். முதலீட்டாளர் பாதுகாப்புக்கான 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டத்தின் கீழ் சொத்துகள் முடக்கப்பட்டு ஏலம் போகும்போது, புகார் பதிவில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் பங்கு கேட்பது எளிது.